‘அது’ என்றால் எது?

எங்கள் ஊரில் சிங்களம் காதில் விழுவது குறைவு. கல்முனையில் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், பாடசாலையில் தமிழ். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, வயல்வெளி முடிந்து அம்பாறைக்குள் பஸ் நுழைந்ததும்தான் மொழி மாறும். ஒரு மணித்தியாலத்துக்குள் வேறொரு நாட்டுக்கு வந்ததுபோல இருக்கும்.

மூத்தம்மாவை மாதம் ஒரு தடவை அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். முன்பு ராத்தா போவா. அவ கலியாணம் முடித்துப் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. மூத்தம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. டொக்டர் கேட்பதற்கு நான்தான் வாய், மருந்து கொடுக்கும் ஜன்னலில் நான்தான் காது. உயர்தரத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு பரீட்சை வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஆறாம் தரத்திலிருந்து சிங்களம் படித்திருக்கிறேன். எழுத்து தெரியும், சொற்களும் ஓரளவு தெரியும். ஆனால் முதல் தடவை மருந்து ஜன்னலில் நின்றபோது ஒரு விசயம் விளங்கியது. உள்ளே இருந்தவர் சொன்னது இதுதான்: “உதேட்ட கன்ன கலின் பாகயக், ரேட்ட கேவட்ட பஸ்ஸே எகக்.” காலையில் சாப்பிடுமுன் பாதி, இரவில் சாப்பிட்ட பிறகு ஒன்று. இந்த எட்டுச் சொற்களில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ‘கன்ன கலின் என்றால் சாப்பிடுவதற்கு முன்’ என்று நான் மனதுக்குள் தமிழாக்கி முடிக்கும்போது, இரவுக் குளிசை பற்றிய பாதி காற்றோடு போய்விட்டது. “ஆயெத் கியன்ன” என்று திரும்பச் சொல்லும்படி கேட்டேன். அவரும் சொன்னார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

மறுநாள் எங்கள் சிங்கள டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் என் சொற்கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நம் எல்லோருடைய கொப்பியும் ஒரே மாதிரித்தானே இருக்கும்? முதல் நிரலில் சிங்களச் சொல், இரண்டாவதில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, மூன்றாவதில் தமிழ்க் கருத்து. டீச்சர் அந்தத் தாளை இரண்டாம் நிரலுக்கு முன்னால் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினார். “இனி மற்றப் பக்கத்தில் படம் கீறுங்கள். தமிழ் எழுத வேண்டாம்” என்றார்.

எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. பதினேழு வயதில் கோப்பைக்குப் படம் கீறுவதா என்று நினைத்தேன். அவர் சொன்ன காரணம்தான் என்னை நிற்க வைத்தது. இங்கிலிஷ் படிக்கும்போது நாம் சீக்கிரமே மொழிபெயர்ப்பைக் கைவிட்டுவிடுகிறோம். அங்கே சொற்களின் வரிசையே வேறு, அதனால் சொல்லுக்குச் சொல் வைத்தால் வாக்கியம் அப்போதே குழம்பிவிடும். சிங்களம் அப்படியல்ல. “மம ஹெட்ட கெதர யனவா” என்பதை அப்படியே வரிசையாக எடுத்தால் ‘நான் நாளைக்கு வீட்டுக்குப் போறன்’ என்று வரும். எதையும் இடம் மாற்றத் தேவையில்லை. சிங்களம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு முக்கால்வாசி நேரம் வேலை செய்கிறது. வேலை செய்வதால்தான் அதை விட முடியாமல் இருக்கிறோம். மிச்சக் கால்வாசியில் அது காலை வாரும். வேகத்தில் எப்போதும் வாரும்.

அந்தக் கால்வாசி எங்கே இருக்கிறது என்பதை முதலில் எனக்குக் காட்டியவன் என் தம்பி. (சிங்களத்தில் தம்பிக்கு ‘மல்லி’ என்று பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து, வீட்டில் கொத்தமல்லி அவிக்கும்போதெல்லாம் அவனைத்தான் அவிக்கிறோம் என்று சொல்லிச் சிரிப்போம்.) ஒருநாள் அம்பாறையில் ஒரு கடை வாசலில் நின்று அவன் பெரிய சத்தத்தில், “முதலாளி தியெனவாத?” என்று கேட்டான். கடையில் நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். தம்பி கேட்டது தமிழில் பார்த்தால் சரிதான்: முதலாளி இருக்காரா? சீனி இருக்கா, முதலாளி இருக்காரா, எல்லாவற்றுக்கும் நமக்கு ‘இரு’ என்ற ஒரே வினைதான். சிங்களத்துக்கு இரண்டு இருக்கிறது. உயிருள்ளது ‘இன்னவா’, உயிரற்றது ‘தியெனவா’. தம்பி முதலாளியைச் சீனி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

இதை விதியாக மனப்பாடம் செய்யலாம், நானும் செய்திருந்தேன். ஆனால் பேசும்போது ‘இருக்கு’ என்ற தமிழ்ச் சொல்லை முதலில் நினைத்து, பிறகு அது உயிருள்ளதா என்று யோசித்து, பிறகு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் எதிரில் நிற்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். தமிழ்ச் சொல்லைத் தொடாமல் பொருளையே பார்த்தால் அந்தக் கேள்வி எழவே எழாது. பூனையைப் பார்த்ததும் ‘பூசா இன்னவா’, மேசையைப் பார்த்ததும் ‘மேசே தியெனவா’.

இதில் இலக்கணம் படிக்கிற எங்களுக்கு ஒரு சுவையான விசயம் உண்டு. தமிழில் உயர்திணை, அஃறிணை என்று உலகத்தைப் பிரித்தால் பூனை எங்கே போகும்? கதிரை, கல், மரம் ஆகியவற்றோடு அஃறிணையில் போய் நிற்கும். சிங்களம் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. அங்கே பூனை எழுந்து, உம்மாவும் டொக்டரும் நிற்கிற பக்கத்துக்கு வந்துவிடுகிறது. மரம் மட்டும் இரண்டு மொழியிலும் கல்லோடுதான் நிற்கிறது. மீன் இன்னும் வேடிக்கை. குளத்தில் நீந்தும்போது ‘வெவே மாளு இன்னவா’. அதே மீன் சந்தைப் பலகைக்கு வந்ததும் ‘மாளு தியெனவாத?’ என்று விலை கேட்கிறோம். ஒரு வினைச்சொல்லுக்குள் மீனின் மௌத்து நடந்துவிடுகிறது. ‘இருக்கு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு போனால் இது கண்ணிலேயே படாது.

டீச்சர் தந்த முதல் பயிற்சி இதற்காகத்தான். காலையில் ஐந்து நிமிடம், அடுப்படியில், தேத்தண்ணி கொதிக்கும் நேரத்தில். கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பார்த்து, அது அங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். தொடங்குவதற்கு அவர் தந்த சொற்கள் மேசை, கோப்பை, ஜன்னல், அலுமாரி, பாண். சிங்களத்தில் இவை மேசே, கோப்பே, ஜனேலே, அல்மாரிய, பான். போர்த்துக்கேயர் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த சொற்கள் இவை. நாமும் எடுத்துக்கொண்டோம், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே மொழிபெயர்க்க அங்கே எதுவுமே இல்லை, சொல்லைப் பற்றிய கவலை இல்லாமல் வாக்கியத்தில் மட்டும் மனதை வைக்கலாம். முதல் கிழமை இந்தப் பொருள்களோடும் உம்மாவோடும் பூனையோடும் மட்டுமே கழிந்தது. ‘மேசே தியெனவா, அம்மா இன்னவா, பான் தியெனவா, பூசா இன்னவா.’ உம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நான் இரிக்கன்தான், ஒவ்வொரு நாளும் சொல்லணுமா?” என்று கேட்டா.

உயிருள்ளதையும் உயிரற்றதையும் கலந்து, வேகமாகச் சொல்வதுதான் இதில் முக்கியம். ஒரே வகையைத் தொடர்ந்து சொன்னால் வாய் பாடமாக்கிவிடும், கண் வேலை செய்யாது.

அடுத்தது சுட்டு. இதைத்தான் நான் இந்தக் கட்டுரையின் தலைப்பாக வைத்தேன். நமக்கு இது, அது என்று இரண்டு போதும். சிங்களத்தில் நான்கு. என் கையில் இருக்கும் கோப்பை ‘மே கோப்பே’. உங்கள் கையில் இருப்பது ‘ஒய கோப்பே’. இரண்டு பேருக்கும் தூரத்தில், அந்தத் தட்டில் தெரிவது ‘அர கோப்பே’. கண்ணுக்குத் தெரியாத, முன்பு பேசிய, நேற்று உடைந்த கோப்பை ‘ஏ கோப்பே’. தமிழில் ‘அது’ என்று நினைத்துவிட்டுச் சிங்களத்துக்குப் போகிறவர், ஒய, அர, ஏ என்ற மூன்று கதவுக்கு முன்னால் போய் நிற்பார். எந்தக் கதவு என்று ‘அது’ என்ற சொல் சொல்லாது. கோப்பை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

கிளினிக்கில் இது எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். நேர்ஸ் என்னைப் பார்த்து, “ஒய பொத தென்ன” என்றார். ‘அந்தப் புத்தகத்தைத் தாங்கோ’ என்று மொழிபெயர்த்தால் மேசையில், அலுமாரியில், எந்தப் புத்தகம் என்று தேட வேண்டிவரும். ‘ஒய’ என்ற ஓசையை மட்டும் கேட்டிருந்தால் போதும், என் கையில் இருப்பதைத்தான் கேட்கிறார், கிளினிக் கொப்பியை நீட்டலாம். பிறகு, “அர பங்குவே இந்தகன்ன” என்றார். ‘அர’ என்றதுமே கண் தூரத்துக்குப் போக வேண்டும். அங்கே வாங்கு இருந்தது. (வாங்கும் பங்குவும் அதே போர்த்துக்கேயச் சொல்தான்.) சுட்டைப் பிடித்துவிட்டால் சொல் தெரியாவிட்டாலும் பாதி விசயம் கைக்கு வந்துவிடும்.

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று கீழ் வகுப்பில் பாடமாக்கினோம். இந்த ‘உ’ எதற்கு, யார் ‘உது’ என்று பேசுகிறார்கள் என்று அப்போது நினைத்ததுண்டு. யாழ்ப்பாணத்தார் இன்றும் பேசுகிறார்கள். முன்னால் நிற்பவரிடம் உள்ளதை ‘உது’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் போனதால்தான் ‘ஒய’ எங்களுக்கு அந்நியமாக இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த ஒரு கதவு சுலபமாகத் திறக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கான பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவளும் நானும் இடைவேளையில் ஒரு பேனையை வைத்துச் செய்தோம். அவள் பேனையைத் தன் கையில் வைப்பாள், என் கையில் தருவாள், கரும்பலகைக்குக் கீழே வைப்பாள், பிறகு பைக்குள் மறைப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் உடனே மே, ஒய, அர, ஏ என்று சொல்ல வேண்டும். பேனை நகரும்போதே சொல்ல வேண்டும், நின்ற பிறகு சொன்னால் கணக்கில்லை. ஏனென்றால் நின்ற பிறகு யோசிக்க நேரம் கிடைத்துவிடும், யோசிக்க நேரம் கிடைத்தால் தமிழ் உள்ளே வந்துவிடும். நாளுக்கு ஒரு பத்துத் தடவை போதும். மூன்றாம் நாளே கை போகிற பக்கம் வாயும் போகத் தொடங்கியது.

மருந்து ஜன்னலுக்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சி தேவைப்பட்டது. அங்கே நான் பேசப் போவதில்லை, கேட்கத்தான் போகிறேன். ஆகவே பேசாமலே செய்கிற பயிற்சி ஒன்றை நாங்கள் இருவரும் உண்டாக்கினோம். மேசையில் மூன்று தட்டு: காலை, பகல், இரவு. குளிசைக்குப் பதிலாக வறுத்த கச்சான். கச்சான் கொட்டையை விரலால் அழுத்தினால் சரி பாதியாகப் பிளக்கும் என்பதால் அரைக் குளிசைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. சாப்பாட்டுக்கு முன் என்றால் தட்டுக்கு இடது பக்கம், பிறகு என்றால் வலது பக்கம். அவள் சிங்களத்தில் மருந்து சொல்வாள், நான் கச்சானை வைக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. உதடு அசைந்தாலும் அவள் ஒரு கச்சானை எடுத்துத் தின்றுவிடுவாள். அதுதான் தண்டனை.

தொடக்கத்தில் அவளுக்கு நல்ல சாப்பாடு. “உதேட்ட கன்ன கலின் பாகயக்” என்று முடித்த பிறகும் என் கை மேலே நிற்கும். உள்ளே வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கும்: கன்ன, சாப்பிட, கலின், முன். அது முடிந்துதான் கை இறங்கும். இரண்டாவது கிழமையில் ஒரு மாற்றம் வந்தது. “உதேட்ட” என்ற சொல் வந்ததும் கை முதல் தட்டுக்குப் போய்விட்டது. “கன்ன கலின்” வரும்போது இடப் பக்கம் சாய்ந்தது. “பாகயக்” வந்தபோது விரல் கச்சானைப் பிளந்துகொண்டிருந்தது. வாக்கியம் முடியும்போது வேலையும் முடிந்திருந்தது.

நீங்களும் செய்து பார்த்தால் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வாக்கியம் முடிந்த பிறகு கை நகர்கிறதா, வாக்கியம் நடக்கும்போதே நகர்கிறதா? முடிந்த பிறகு என்றால் எவ்வளவு சரியாக வைத்தாலும் உள்ளே இன்னும் மொழிபெயர்ப்பு நடக்கிறது. சரி பிழை மட்டும் பார்த்தால் இது தெரியாது. நீளமான வாக்கியம் ஒன்றைச் சொல்லிப் பார்த்தாலும் தெரியும். மொழிபெயர்க்கிறவருக்கு வாக்கியத்தின் தலை நினைவிருக்கும், வால் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் காது பழகி, கேட்காமலே கை போகும். மருந்து மாறினால்? கிளினிக்கில் மாறும், மாற்றுவதற்குத்தானே வரச் சொல்கிறார்கள். அதனால் அவள் ஒவ்வொரு தடவையும் வேளையையும் அளவையும் மாற்றியே சொன்னாள். சில வேளை வேண்டுமென்றே பகலுக்கு ஒன்றுமில்லாமல் விட்டாள்.

பேசுவது வேறு பாடு. மூத்தம்மா டொக்டருக்குச் சொல்லச் சொன்னது, “படியேறினா நெஞ்சடைக்கிது மகள்.” இந்த ‘அடைக்கிது’ எப்படிச் சிங்களத்துக்குப் போகும்? கதவை அடைக்கிற சொல் எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் நெஞ்சுக்கு வைத்தால் டொக்டர் என்ன நினைப்பார்? இல்லாத சொல்லை அகராதியில் தேடப் போனால் நாம் தமிழ் வாக்கியத்துக்கு அடிமையாகிவிடுகிறோம் என்பார் டீச்சர். அவர் சொல்லித் தந்த வழி, வாக்கியத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது. மூத்தம்மா படியேறுகிறா. நாலாவது படியில் நிற்கிறா. கைப்பிடியைப் பிடிக்கிறா. மூச்சு எடுக்கக் கஸ்டப்படுகிறா. இந்தப் படத்துக்குத் தேவையான சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன: “படி நகின கொட்ட ஹுஸ்ம கன்ன அமாருய்.” படியேறும்போது மூச்செடுக்கக் கடினம். படி அங்கேயும் படிதான். டொக்டர் உடனே எத்தனை படி என்று கேட்டார். படம் எனக்கு முன்னாலேயே இருந்தது, “ஹதரய்” என்றேன். நான்கு.

இதைத் தினமும் பஸ்ஸில் பழகினேன். பாடசாலைக்குப் போகும் வழியில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதில் ஒன்றை எடுத்து, என்னிடம் இருக்கிற சொற்களால் மட்டும் சொல்வது. சொல் இல்லாவிட்டால் சுற்றிப் போவது. ‘தச்சன்’ தெரியாது, ‘மேசை செய்கிற மனுசன்’ தெரியும். வலைக்காரர் வலை உலர்த்துகிறார் என்பதற்கு வலையும் தெரியாது, உலர்த்துவதும் தெரியாது, ‘மீன் பிடிக்கிற சாமானை வெயிலில் வைக்கிறார்’ என்று போனேன். அசிங்கமான சிங்களம்தான். ஆனால் அதில் தமிழ் இல்லை. சுற்றிப் போன சொற்களை வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் பார்ப்பேன், அப்போது அவை மறப்பதில்லை. பஸ்ஸிலேயே தேடக் கூடாது, அது பயிற்சியைக் கெடுத்துவிடும்.

கைவேலை செய்யும்போது அந்த வேலையைச் சொல்வதும் உதவும். கூட்டும்போது ‘மம அதுகானவா’, சோறு ஆக்கும்போது ‘மம பத் உயனவா’. இதில் ஒரு நிம்மதி, பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான் போறன், நீ போறாய், அவ போறா, அவங்க போறாங்க என்று தமிழில் வால் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே எல்லோரும் ‘யனவா’. தமிழிலிருந்து வருகிற மனம் அந்த வாலைத் தேடி ஒரு கணம் நிற்கும், இல்லாத படியில் கால் வைப்பதுபோல. உம்மா, தம்பி, நான் மூன்று பேரும் செய்கிற வேலையை மாறி மாறிச் சொன்னால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். எழுத்துச் சிங்களத்தில் வால் மாறும். அறிவித்தல் பலகையும் பத்திரிகையும் இந்த அடுப்படிப் பயிற்சியால் திறக்காது, அதற்கு வேறு படிப்பு வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டால் டீச்சர் ஏசுவார். ‘இரவுக்கு’ என்பதை நான் ‘ரேட்ட’ என்று எழுதியிருக்கிறேன். அதில் உள்ள உயிர் ‘ஏ’ அல்ல, ‘ஆ’வும் அல்ல, பேங்க் என்று சொல்லும்போது வருகிற ஓசை. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிக்கிறவர் அந்த ஓசையைக் காதால் கேட்டாலும் ‘ஏ’ என்றே சொல்லுவார். டீச்சர் என் இரண்டாம் நிரலையும் சேர்த்து மடித்தது அதனால்தான். நீங்கள் இதை வாசித்துவிட்டுச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

பேச்சு மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது கிளினிக்கில் அல்ல, வெளியே வந்து வாங்கில் இருந்தபோது. மூத்தம்மா, “என்ன புள்ள சொன்னாங்க?” என்று கேட்டா. நான் வாயைத் திறந்தேன், தமிழ் வரவில்லை. எந்த வேளை, எந்தக் குளிசை, முன்னா பின்னா, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, தட்டும் கச்சானும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் அதற்குத் தமிழ்ச் சொற்களைப் புதிதாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. மூத்தம்மா பயந்துவிட்டா. “ஏன் புள்ள பேசாம இரிக்காய், பெரிய வருத்தமா?” என்று கையைப் பிடித்தா. “இல்ல மூத்தம்மா, குளிசைய மாத்திரிக்காங்க, அவ்வளவுதான்” என்று சொல்லி முடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீச்சரிடம் கேட்டதற்கு, மொழிபெயர்ப்பதும் ஒரு தனி வேலை, அதையும் தனியாகப் பழக வேண்டும் என்றார். மூத்தம்மாவுக்காக இப்போது அதையும் பழகுகிறேன். கச்சானை வைத்து முடித்த பிறகு, தட்டைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். சிங்கள வாக்கியத்தை நினைக்கக் கூடாது.

எண்கள் மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை. பாடசாலைப் படிக்கட்டை எக்க, தெக்க, துன என்று எண்ணிக்கொண்டு ஏறுகிறேன், பஸ் மிச்சக் காசை சிங்களத்தில் எண்ணுகிறேன், அது சரியாகவே நடக்கிறது. ஆனால் பெருக்கல் வாய்பாட்டைச் சின்ன வயதில் எந்த மொழியில் பாடமாக்கினோமோ அங்கேயே அது குடியிருக்கிறது. போன மாதம் மருந்து ஜன்னலில் ஒரு மாதத்துக்கான குளிசையைத் தந்தார்கள். காலையில் பாதி, இரவில் ஒன்று, முப்பது நாள். ஒன்றரை முப்பது நாற்பத்தைந்து என்று எனக்குள்ளே தமிழ்தான் கணக்குப் பார்த்தது. பிறகு வாங்கில் இருந்து, மூத்தம்மாவின் மடியில் பையை விரித்து, ஒவ்வொரு குளிசையாக நகர்த்தி எண்ணினேன். எக்க, தெக்க, துன, ஹதர. ஹதளிஸ் பஹ வந்ததும் பையை மூடினேன். மூத்தம்மா, “சரியா இரிக்கா?” என்றா. “தியெனவா” என்றேன். “ஆ, தியெனவா” என்று அவவும் சொல்லிப் பார்த்தா.